12,000 திர்ஹாம் துபாய் வேலை: மாதக் கடைசியில் கையில் நிற்பது எவ்வளவு?

துபாயிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது ஒரு பெருக்கல்தான். 12,000 திர்ஹாம், ஒரு திர்ஹாமுக்கு 23 ரூபாய் என்றால் மாதம் 2,76,000 ரூபாய். சென்னையில் ஆண்டுக்கு 12 லட்சம் சிடிசி வாங்குகிறவருக்கு இது 33 லட்சமாகத் தெரியும். கிட்டத்தட்ட மூன்று மடங்கு, அதுவும் வரி இல்லாமல். வீட்டில் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. அப்புறம் பாஸ்போர்ட், மருத்துவப் பரிசோதனை, வழியனுப்பல்தான்.

இந்தப் பெருக்கலில் தவறு இல்லை. ஆனால் அது சம்பாதிப்பதை ரூபாயில் சொல்கிறது, செலவை எங்கேயும் சொல்வதில்லை. துபாயில் சம்பாதிக்கிறவர் துபாயில்தான் வாடகை கொடுக்கிறார், துபாய் விலையில்தான் அரிசி வாங்குகிறார். ஒப்பிட வேண்டியது இரண்டு சம்பளங்களை அல்ல. இரண்டு ஊரிலும் எல்லாச் செலவும் போக மாதக் கடைசியில் மிஞ்சுவதை ஒப்பிட வேண்டும். அப்படிப் போட்டுப் பார்த்தால், இதே ஆஃபர் ஒருவருக்கு வாழ்க்கையையே தூக்கி நிறுத்தும், இன்னொருவருக்கு இப்போது சேமிப்பதிலிருந்தும் கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும். இரண்டையும் பிரிப்பது ஒரே கேள்வி: குடும்பம் கூடப் போகிறதா, இல்லையா?

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூரில் ஒரு பராமரிப்புப் பொறியாளர், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மனைவி, இந்த ஆண்டு பள்ளியில் சேர்ந்த ஒரு குழந்தை. ஊரிலிருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் பணம் எங்கே வேலை பார்த்தாலும் அதேதான் என்பதால் இரண்டு கணக்கிலும் அதைச் சேர்க்கவில்லை. கீழே வரும் செலவுகள் என் மதிப்பீடுகள். உங்கள் வீட்டு எண்களைப் போட்டுக்கொண்டால் விடை கொஞ்சம் நகரும், ஆனால் கணக்குப் போடும் வழி மாறாது.

முதலில் ஊர்க் கணக்கு

12 லட்சம் சிடிசி என்பது கைக்கு வரும் தொகை அல்ல. அடிப்படைச் சம்பளம் மாதம் 50,000 என்றும், நிறுவனம் அதன் மேல் முழுமையாக பி.எஃப். கட்டுகிறது என்றும் கொள்வோம். அப்போது நிறுவனத்தின் பங்கு மாதம் 6,000. கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது ஏறத்தாழ 2,400. இந்த இரண்டும் சிடிசிக்குள்ளேயே அடக்கம். இவற்றைக் கழித்தால் மாதச் சம்பளம் சுமார் 91,600. அதில் இவருடைய பி.எஃப். பங்கு இன்னொரு 6,000 போகும், தொழில் வரி ஒரு 200 சொச்சம் போகும். வங்கியில் விழுவது சுமார் 85,400.

வருமான வரி எங்கே என்று கேட்பீர்கள். இவருக்கு அது இல்லை. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில், 75,000 ரூபாய் நிலையான கழிவையும் சேர்த்து, 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குகிறவர் வரி கட்ட வேண்டியதில்லை. வளைகுடா வேலைக்கு ஆதரவாக வழக்கமாக முதலில் சொல்லப்படுவது ‘அங்கே வரி இல்லை’ என்பது. இந்தப் பொறியாளருக்கு இங்கேயும் வரி இல்லை. எனவே அந்த வாதத்தின் மதிப்பு இவர் விஷயத்தில் பூஜ்ஜியம். ஊரில் 25 லட்சம் வாங்குகிறவருக்கு நிலைமை வேறு. அவர் ஆண்டுக்கு 3.2 லட்சம் அளவுக்கு வரி கட்டுகிறார், அது மிச்சமாவது பெரிய விஷயம்தான். ஒரே வாதம் இரண்டு பேருக்கும் ஒரே அளவு பொருந்தாது.

செலவுக்கு வருவோம். வாடகை 18,000. மளிகை, பால், காய்கறி, கேஸ் எல்லாம் 13,000. பள்ளிக் கட்டணத்தை மாதக் கணக்கில் பிரித்தால் 5,000. மின்சாரம், பெட்ரோல், போன் 6,000. மருந்து, பண்டிகை, மொய் என்று 8,000. ஆக 50,000. கையில் மிஞ்சுவது 35,400. இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. பி.எஃப். கணக்கில் மாதம் 12,000 ஏறுகிறது, அதற்கு 2024-25க்கு 8.25 சதவீதம் வட்டி கிடைத்திருக்கிறது. கிராஜுவிட்டி 2,400 சேர்கிறது. கண்ணில் படாத சேமிப்பு இது, ஆனால் விமானம் ஏறிய நாளிலிருந்து நின்றுபோகும். அதையும் கூட்டினால் இந்தக் குடும்பம் ஊரில் மாதம் ஏறத்தாழ 50,000 சேமிக்கிறது. துபாய் வேலை தாண்ட வேண்டிய கோடு இதுதான், 85,400 அல்ல.

குடும்பத்தோடு போனால்

துபாயில் செலவில் பாதியை வாடகை தின்கிறது. அல் நஹ்தா, இன்டர்நேஷனல் சிட்டி மாதிரியான இடங்களில் ஒரு படுக்கையறை வீடு ஆண்டுக்கு 60,000 திர்ஹாம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 5,000. சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் அங்கேயே போய்விட்டது. தண்ணீர், மின்சாரத்துக்கு டிவா பில் மாதம் 400. அந்த பில்லிலேயே இன்னொரு வரி ஒளிந்திருக்கும்: ஆண்டு வாடகையில் 5 சதவீதம், நகராட்சியின் வீட்டுக் கட்டணம். நம் கணக்கில் அது மாதம் 250. சம்பளத்துக்கு வரி போடாத ஊர், வாடகைக்குப் போடுகிறது. கடையில் வாங்கும் பெரும்பாலான பொருள்களுக்கு 2018லிருந்து 5 சதவீதம் வாட் வரியும் உண்டு. அது விலையிலேயே கலந்துவிடுவதால் தனியாக எழுதவில்லை.

மளிகைக்கு 1,600, வீட்டு இன்டர்நெட்டும் இரண்டு போனும் 500, மெட்ரோ, பஸ், எப்போதாவது டாக்ஸி 400. கார் வாங்கினால் இந்தக் கணக்கே உடைந்துவிடும், அதனால் கார் இல்லை. சிபிஎஸ்இ பாடத்திட்டப் பள்ளிகளில் விலை குறைந்த ஒன்றைப் பிடித்தாலும் கட்டணம், பள்ளி பஸ், சீருடை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 14,000 அளவில் வரும், மாதம் 1,150. பள்ளிவாரிக் கட்டணத்தைத் துபாய் அரசின் கேஎச்டிஏ அமைப்பு தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. போவதற்கு முன்பே பார்த்துவிடலாம், இதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இனி வருபவைதான் முதல் முறை போகிறவர் எழுத மறக்கும் செலவுகள். ஊழியரின் மருத்துவக் காப்பீட்டை நிறுவனம் கட்டாயம் எடுத்துத் தர வேண்டும். மனைவிக்கும் குழந்தைக்கும் நிறுவனம் தராவிட்டால், அவர்களை அழைத்து வருகிறவரே எடுக்க வேண்டும். இருவருக்கும் சேர்த்து மாதம் 330 என்று வைப்போம். குடும்ப விசா, எமிரேட்ஸ் ஐடி, மருத்துவப் பரிசோதனை எல்லாம் தலைக்கு 3,500, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. மாதக் கணக்கில் 290. ஆண்டுக்கு ஒரு முறை ஊருக்கு வர நிறுவனம் ஊழியருக்கு மட்டும் டிக்கெட் தருகிறது என்றால், மற்ற இருவருக்கு மாதம் 250. பள்ளி விடுமுறையில்தான் வர முடியும், அப்போதுதான் டிக்கெட் விலையும் உச்சத்தில் இருக்கும். கடைசியாகத் துணிமணி, மருந்து, குழந்தையின் பிறந்தநாள், நண்பர் வீட்டு விருந்து என்று ஒரு 500.

கூட்டினால் 10,700 திர்ஹாமுக்குக் கொஞ்சம் உள்ளே வருகிறது. மிஞ்சுவது 1,300. ரூபாயில் 30,000. பணியிறுதிக் கொடையாக மாதத்துக்கு 8,000 ரூபாய் அளவு சேர்கிறது, அது எப்படி என்று பிறகு சொல்கிறேன். எல்லாம் சேர்த்து 38,000. ஊரில் இருந்தபோது 50,000. மூன்று மடங்குச் சம்பளம் வாங்கி, மாதம் 12,000 ரூபாய் குறைவாகச் சேமிக்கும் குடும்பம் இது. மனைவிக்கு ஊரில் ஒரு வேலை இருந்து, அதை விட்டுவிட்டுப் போகிறார் என்றால் அவருடைய சம்பளம் முழுவதையும் இதிலிருந்து கழிக்க வேண்டும். அங்கே போனதும் அவருக்கும் வேலை கிடைத்துவிடும் என்பது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். கிடைக்கும் வரை அதைக் கணக்கில் எழுதக் கூடாது.

முதல் மாதம் தனிக் கதை. துபாயில் வாடகையை மாதாமாதம் கொடுப்பது வழக்கமில்லை. ஆண்டு வாடகையை முன்தேதியிட்ட சில செக்குகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். செக்குகள் குறைவாக இருந்தால் வாடகையும் கொஞ்சம் குறையும். நான்கு செக் என்றால் முதல் செக் 15,000. வீட்டு முன்பணம் 5 சதவீதம், 3,000. தரகருக்கு இன்னொரு 5 சதவீதம், 3,000. டிவா இணைப்புக்கு முன்பணம் 2,000. இருவரின் விசா 7,000. கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் பழையது வாங்கினாலும் 6,000. மொத்தம் 36,000 திர்ஹாம், 8 லட்சம் ரூபாய்க்கு மேல். இதில் வாடகையும் விசாவும் ஏற்கனவே மாதக் கணக்கில் இருக்கின்றன, முன்பணங்கள் திரும்ப வரும். ஆனால் தரகர் கூலியும் சாமான்களும் சேர்ந்த 9,000 கூடுதல் செலவு. மாதம் 1,300 மிஞ்சுகிற குடும்பத்துக்கு அது ஏழு மாதச் சேமிப்பு. இந்தத் தொகையைக் கடனாக வாங்கிக்கொண்டு போனால், முதல் ஆண்டு முழுவதும் கடனை அடைப்பதிலேயே கழிந்துவிடும். நான் நேராகச் சொல்கிறேன்: ஊரில் 12 லட்சம் வாங்குகிற, பள்ளி வயதுக் குழந்தையுள்ள குடும்பம், பணத்துக்காக மட்டும் இந்த ஆஃபரில் துபாய்க்குக் குடிபெயரக் கூடாது. நல்ல அனுபவம் கிடைக்கும், உலகத்தைப் பார்க்கலாம் என்று போனால் அது வேறு நியாயம். அதற்கு அதன் விலையைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

தனியாகப் போனால்

இதே பொறியாளர் மனைவியையும் குழந்தையையும் அம்பத்தூரிலேயே விட்டுவிட்டுப் போகிறார். கராமாவிலோ தேராவிலோ இருவர் பகிரும் அறையில் ஓர் இடம், 1,500. சாப்பாடு, பாதி மெஸ், பாதி சமையல், 1,100. மெட்ரோ மாதப் பாஸ் 350. போன் 250. மற்ற எல்லாவற்றுக்கும், ஆண்டில் இரண்டாவது முறை ஊருக்கு வரும் டிக்கெட்டையும் சேர்த்து, 1,000. மொத்தம் 4,200. மிஞ்சுவது 7,800 திர்ஹாம், அதாவது 1,79,400 ரூபாய்.

அறை எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே வீட்டைப் பலகை வைத்துத் தடுத்துப் பலருக்கு வாடகைக்கு விடுவது துபாயில் பழைய வழக்கம். 2025 ஜூனில் நகராட்சி இப்படிச் சட்டத்துக்குப் புறம்பாகத் தடுத்த அறைகள்மீது கடும் நடவடிக்கை எடுத்தது. 700 திர்ஹாமுக்கு இடம் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அதை நம்பி மாதக் கணக்கைப் போடாதீர்கள். ஒரு வாரத்தில் காலி செய்யச் சொன்னால் அடுத்த இடம் அந்த விலைக்குக் கிடைக்காது.

இனி இந்த 1,79,400ஐ அப்படியே சேமிப்பு என்று எழுதுவதுதான் இரண்டாவது பெரிய தவறு. ஊர் வீடு அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு ஆள் குறைந்ததால் 50,000 செலவு 42,000 ஆகும், அவ்வளவுதான். வாடகையும் பள்ளியும் குறையாது. கழித்தால் 1,37,400.

காகிதத்தில் வரும் எண் இது. நடைமுறையில் வேறு இரண்டு நடக்கும். ஒன்று, மாதாமாதம் பெரிய தொகை வரும் வீட்டில் செலவு 42,000இல் நிற்காது. கொஞ்சம் நல்ல பள்ளி, ஒரு ஏசி, தனியாக இருப்பதால் அவசரத்துக்கு ஆட்டோ. இதில் வீண் என்று சொல்ல எதுவும் இல்லை, ஒரு ஆளின் உழைப்பு வீட்டில் இல்லாததால் அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். 10,000 ஏறும் என்று இப்போதே எழுதிவிடலாம். இரண்டு, ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் சாமான், பரிசு, உறவினர் வீட்டு விசேஷம், திருப்பி வராத கைமாற்று. ஆண்டுக்கு 50,000 என்றால் மாதம் 4,000 சொச்சம். இவற்றையும் எடுத்தபின் நிற்பது 1,23,000. பணியிறுதிக் கொடை 8,000 சேர்த்தால் 1,31,000. ஊரில் சேமித்த 50,000ஐக் கழித்தால், தனியாகப் போவதால் கூடுதலாகக் கிடைப்பது மாதம் 80,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

அந்த 80,000தான் இந்த ஆஃபரின் உண்மையான விலை. மனைவியையும் குழந்தையையும் பிரிந்திருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் கிடைப்பது அது. பெரிய தொகைதான், குறைத்துச் சொல்லவில்லை. மூன்று ஆண்டில் 29 லட்சம். ஒரு கடனை முடிக்கவோ ஒரு மனை வாங்கவோ அது போதும். ஆனால் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசும்போது மேசைமேல் இருக்க வேண்டியது இந்த 80,000, அந்த 2,76,000 அல்ல. எத்தனை ஆண்டு, எந்தத் தேவைக்காக என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது. ஏனென்றால் ஒரு வருடம் கழித்துப் பொதுவாக வரும் பேச்சு, ‘குடும்பத்தையும் கூப்பிட்டுக்கொள்ளலாம்’ என்பது. அந்த நாளில் இவர் தனியாகப் போகும் கணக்கிலிருந்து குடும்பத்தோடு போகும் கணக்குக்கு மாறுகிறார். சம்பளம் அதேதான் இருக்கும், சேமிப்பு மட்டும் மாதம் 93,000 குறையும்.

எந்தச் சம்பளத்தில் குடும்பத்தோடு போகலாம்?

மேலே போட்ட செலவை வைத்தே திருப்பிக் கணக்கிடலாம். ஊரில் சேமிக்கும் அதே 50,000ஐ அங்கேயும் சேமிக்கக் குடும்பத்துக்கு 12,500 திர்ஹாம் வேண்டும். அது வெறும் சமநிலை. மாதம் ஒரு லட்சம் சேமிக்க வேண்டும், அப்போதுதான் இடம்பெயரும் சிரமத்துக்கு அர்த்தம் என்று நினைத்தால் 15,000க்குக் கிட்ட வேண்டும். ஆக 12,000க்கும் 15,000க்கும் இடையில் சேமிப்பு இரண்டரை மடங்குக்கு மேல் தாவுகிறது. செலவு முழுவதும் ஈடான பின் வரும் ஒவ்வொரு திர்ஹாமும் அப்படியே சேமிப்பு என்பதால்தான் இது. ஆகவே பேரம் பேசும்போது ஓர் ஆயிரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். சம்பளத்தில் அது சிறு பங்கு, சேமிப்பில் அது பெரும் பங்கு.

இதைவிட முக்கியமானது வீடு. 9,000 திர்ஹாம் சம்பளமும் நிறுவனமே தரும் குடும்ப வீடும் ஒரு பக்கம், 12,000 சம்பளம் மட்டும் மறுபக்கம் என்றால் எதை எடுப்பீர்கள்? வாடகையும் அதன் மேல் வரும் கட்டணமும் போய்விட்டால் குடும்பச் செலவு 5,450தான். 9,000இல் 3,550 மிஞ்சும், 81,000 ரூபாய்க்கு மேல். 12,000இல் 30,000. ஆனால் ‘தங்குமிடம் உண்டு’ என்று எழுதியிருந்தால் அது குடும்ப வீடா, ஊழியர்கள் சேர்ந்து தங்கும் அறையா என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். பெரும்பாலும் அது இரண்டாவதாகவே இருக்கும். பள்ளிக் கட்டணம், குடும்பக் காப்பீடு, மூன்று பேருக்கும் டிக்கெட் ஆகியவற்றையும் இதே மாதிரி திர்ஹாமாக மாற்றிச் சம்பளத்தோடு கூட்டிப் பார்க்கலாம்.

அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள்

ஆஃபர் லெட்டரில் 12,000 என்ற ஒற்றை எண்ணைவிட அது எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் படிக்க வேண்டும். அங்கே பி.எஃப். கிடையாது. அதற்குப் பதிலாகச் சட்டம் தருவது பணியிறுதிக் கொடை: முதல் ஐந்து ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டுக்கும் 21 நாள் சம்பளம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 30 நாள். இது அடிப்படைச் சம்பளத்தின் மேல் மட்டுமே, படிகளுக்கு இல்லை. ஓர் ஆண்டாவது முடித்திருக்க வேண்டும்.

12,000இல் அடிப்படை 6,000 என்றால் ஆண்டுக்கு 4,200 திர்ஹாம் சேரும். மாதம் 350, நான் மேலே சொன்ன 8,000 ரூபாய் இதுதான். அதே 12,000இல் அடிப்படையை 4,000 ஆக்கி மிச்சத்தைப் படிகளாக எழுதிவிட்டால் ஆண்டுக்கு 2,800தான். கைக்கு வரும் மாதச் சம்பளத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது, அதனால் யாரும் கேட்பதில்லை. ஓவர்டைமும் விடுப்புக்கான பணமும்கூட அடிப்படையை ஒட்டித்தான் போகும். நம் ஊர் பி.எஃப்.போல இது மாதாமாதம் உங்கள் கணக்கில் ஏறுவதும் இல்லை. பொதுவாக வேலையை விட்டுப் போகும் நாளில்தான் முதலாளி தருகிறார். அது வரை அதற்கு வட்டியும் இல்லை. எனவே இதை உங்கள் சேமிப்பு என்று எழுதினாலும் முழு மதிப்போடு நம்பாமல் இருப்பது நல்லது.

ஊர்ப் பக்கத்திலும் ஒன்றைப் பார்க்க வேண்டும். இப்போதைய நிறுவனத்தில் ஐந்து ஆண்டு முடியச் சில மாதங்களே இருந்தால், கிராஜுவிட்டிக்காகச் சேரும் தேதியைத் தள்ளிக் கேட்பது லாபமா என்று கணக்குப் போடுங்கள். 50,000 அடிப்படைக்கு ஐந்து ஆண்டுக் கிராஜுவிட்டி 1.44 லட்சம் ரூபாய்.

எந்த மாதம் விமானம் ஏறுகிறீர்கள்?

துபாய்ச் சம்பளத்துக்கு இந்தியாவில் வரி இல்லை என்பது நீங்கள் அந்த நிதியாண்டில் வெளிநாடு வாழ் இந்தியராக இருந்தால்தான். வேலைக்காக நாட்டைவிட்டுப் போகிற ஆண்டில், ஏப்ரல் முதல் மார்ச் வரைக்குள் இந்தியாவில் இருந்த நாள்கள் 182ஐ எட்டக் கூடாது. செப்டம்பர் நடுவில் கிளம்பினால் கவலையில்லை. நவம்பர் கடைசியில் கிளம்பினால் 244 நாள் இங்கே இருந்தாகிவிட்டது, அந்த ஆண்டுக்கு நீங்கள் இந்தியாவில் வசிப்பவர். வசிப்பவரின் உலகளாவிய வருமானம் இங்கே கணக்கில் வரும்.

நம் பொறியாளர் நவம்பர் 30 கிளம்பினார் என்று போட்டுப் பாருங்கள். எட்டு மாத ஊர்ச் சம்பளம் 7.33 லட்சம். டிசம்பர் முதல் மார்ச் வரை துபாய்ச் சம்பளம் 11.04 லட்சம். இரண்டும் சேர்ந்து 18.37 லட்சம். நிலையான கழிவு போக 17.62 லட்சத்துக்கு செஸ்ஸோடு வரி 1.58 லட்சம் ரூபாய்க்கு மேல். இரண்டரை மாதம் முன்னால் கிளம்பியிருந்தால் இந்த வரியே இருந்திருக்காது. சேரும் தேதி உங்கள் கையில் இல்லை என்றாலும், இந்தத் தொகை வரப்போகிறது என்று தெரிந்திருந்தால் கணக்கில் வைக்கலாம். இரு நாடுகளுக்கும் இடையிலான வரி ஒப்பந்தம் உங்களுக்கு உதவுமா என்பதை ஆடிட்டரிடம் கேளுங்கள். செப்டம்பரில் கிளம்பிவிட்டுத் தீபாவளிக்கு ஊருக்கு வந்தாலும், வந்த நாள்களும் எண்ணிக்கையில் சேரும்.

போன பிறகு ஊரிலுள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். துபாயிலிருந்து அனுப்பும் பணத்துக்குத் தனியாக என்ஆர்இ கணக்கு திறந்தால் அதில் வரும் வட்டிக்கு இங்கே வரி இல்லை. என்ஆர்ஓ வைப்பு வட்டியில் வங்கி 30 சதவீதம் பிடித்துவிடும்.

ரூபாய் விழுவதும் சம்பளம் நிற்பதும்

திர்ஹாம் 1997லிருந்து டாலருக்கு 3.6725 என்ற விகிதத்தில் கட்டப்பட்டிருக்கிறது. எனவே டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்தால் திர்ஹாமுக்கு எதிராகவும் அதே அளவு சரியும். 2015இல் ஒரு திர்ஹாம் பதினேழரை ரூபாய்க்குப் பக்கம் இருந்தது. பத்து ஆண்டில் 23ஐத் தாண்டியது. ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று சதவீதம். ரூபாய் விழுந்த நாளில் எக்ஸ்சேஞ்ச் கடையில் வரிசை நிற்பதைப் பார்த்தால் இது பெரிய லாபம்போலத் தோன்றும்.

ஆனால் ஊரில் இருந்திருந்தால் சம்பளமும் நின்றிருக்காது. ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் 12 லட்சம் ஐந்து ஆண்டில் 17.6 லட்சம் ஆகும். வளைகுடாவில் பல நிறுவனங்களில் சேர்ந்தபோது எழுதிய சம்பளமே ஆண்டுக்கணக்கில் ஓடும். வாடகை மட்டும் ஏறும். முதல் ஆண்டில் கண்ட 80,000 இடைவெளி ஐந்தாம் ஆண்டில் அதே அளவு இருக்காது. எனவே கணக்கை முதல் ஆண்டுக்கு மட்டும் போடாமல் மூன்றாம் ஆண்டுக்கும் ஐந்தாம் ஆண்டுக்கும் ஒரு முறை போட வேண்டும். சம்பள உயர்வு எழுத்தில் இல்லை என்றால் பூஜ்ஜியம் என்றே எழுதுங்கள்.

வேலை போனால் என்ன என்பதும் கணக்கின் ஒரு பகுதி. அங்கே வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். அடிப்படைச் சம்பளம் 16,000 வரை உள்ளவருக்கு மாதம் 5 திர்ஹாம்தான். ஆனால் ஓராண்டு கட்டியிருந்தால்தான் பலன், அதுவும் அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், ஒரு முறைக்கு மூன்று மாதம் வரை. 6,000 அடிப்படைக்கு மாதம் 3,600 வரும். குடும்பத்தின் செலவு 10,700. விசாவும் வேலையோடு கட்டப்பட்டது, ரத்தானபின் தங்க அனுமதிக்கும் காலத்துக்கு வரம்பு உண்டு. அதனால் குடும்பத்தோடு இருப்பவர் குறைந்தது மூன்று மாதச் செலவை, 32,000 திர்ஹாமை, ஊருக்கு அனுப்பாமல் அங்கேயே வைத்திருக்க வேண்டும். மாதம் 1,300 மிஞ்சுகிறவருக்கு அதைச் சேர்க்கவே இரண்டு ஆண்டு ஆகும். தனியாக இருப்பவருக்கு மூன்று மாதச் செலவு 12,600தான். ஊர்ச் செலவுக்கு அனுப்பியதுபோக மிஞ்சுவதில் மூன்று மாதத்தில் அதைச் சேர்த்துவிடலாம். ஊருக்குச் சேமிப்பு என்று அனுப்பத் தொடங்குவது நான்காவது மாதத்திலிருந்துதான் என்று கிளம்பும் முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள்.